ஏசி போட்டால் நிற்கும் சோலார்: மூன்று ஃபேஸ் வீட்டில் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர்

வேளச்சேரிப் பக்கம் தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட தனி வீடு. மூன்று ஃபேஸ் இணைப்பு. மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். அதோடு 3.3 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் ஒன்று. மின்வாரியம் இருவழி மீட்டரும் மாட்டிவிட்டது. மார்ச் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஏப்ரலில் வெயில் ஏறியதும் நடுப்பகலில் இன்வெர்ட்டர் `Grid Overvoltage` என்று காட்டி நிற்க ஆரம்பித்தது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே எழும், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை இதே கதை.

வீட்டுக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது: "சார், ஏசி போட்டா சோலார் நிக்குது. ஏசியை அணைச்சா ஒழுங்கா ஓடுது."

கேட்டால் தலைகீழாகத்தான் தோன்றும். லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் அதிக வோல்டேஜ் என்று இன்வெர்ட்டர் நிற்கக் காரணமே இல்லை. அதனால் சோலார் மாட்டிய ஆட்கள் இதைத் தற்செயல் என்றார்கள். வெயில் உச்சத்தில் ஏசி ஓடுகிறது, அதே நேரத்தில் தெருவில் வோல்டேஜும் ஏறுகிறது, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. தீர்வாக அவர்கள் சொன்னது, இன்வெர்ட்டரில் 253 வோல்ட் என்று இருக்கும் மேல் வரம்பை 265க்கு ஏற்றிவிடலாம் என்பது. பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். இந்த வீட்டில் அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எந்த ஃபேஸில் என்ன இருந்தது

சோலார் ஆர் ஃபேஸில் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்குத் தனிக் காரணம் கிடையாது, போர்டில் முதலில் இருப்பது அது, அவ்வளவுதான். ஆர் ஃபேஸில் வீட்டு லோடு என்று பார்த்தால் படுக்கையறை ஏசி, கீசர், சில விளக்குகள். ஏசி இரவுக்கு, கீசர் காலைக்கு. நடுப்பகலில் அந்த ஃபேஸில் ஓடுவது ஒரு ஆம்பியர்கூடத் தேறாது. பகலில் ஓடும் ஹால் ஏசியும் ஃப்ரிட்ஜும் ஒய் ஃபேஸில், மாடி ஏசி பி ஃபேஸில். சோலார் விளையும் நேரத்தில் விளையும் ஃபேஸில் ஆள் இல்லை. ஆள் இருக்கும் இரண்டு ஃபேஸிலும் சோலார் இல்லை.

உச்ச வெயிலில் இன்வெர்ட்டர் 2.7 கிலோவாட், அதாவது சுமார் 11 ஆம்பியர் கொடுத்தது. அதில் ஒரு ஆம்பியர் வீட்டிலேயே செலவாக, 10 ஆம்பியர் ஆர் ஃபேஸ் வழியாகத் தெருவுக்குப் போனது. இரண்டு ஏசியும் ஓடும்போது ஒய் ஃபேஸில் 8 ஆம்பியர், பி ஃபேஸில் 8 ஆம்பியர் தெருவிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஆம்பியரின் அளவைத்தான் காட்டும், திசையைக் காட்டாது. ஆர் ஃபேஸ் வயரில் 10 என்று காட்டினால் அது உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று மீட்டருக்குத் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே ஃபேஸில் ஒரு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். 10 என்பது 6 ஆகக் குறைந்தால் கரண்ட் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 14 ஆக ஏறினால் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் "மூணு ஃபேஸும் 10, 8, 8, நல்ல பேலன்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு.

நியூட்ரலில் 18 ஆம்பியர்

மூன்று ஃபேஸிலும் ஒரே திசையில், ஒரே அளவு கரண்ட் போனால் நியூட்ரலில் ஒன்றும் இருக்காது. ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி இருப்பதால் மூன்றும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். மூன்றும் உள்ளே வரும் லோடாக இருந்து 10, 8, 8 என்றால் நியூட்ரலில் 2 ஆம்பியர்தான் ஓடும். மூன்று ஃபேஸ் வீட்டு நியூட்ரலைப் பற்றி யாரும் கவலைப்படாததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

ஆர் ஃபேஸ் திரும்பி ஓடும்போது கணக்கே மாறுகிறது. ஒய், பி இரண்டிலும் வரும் 8 ஆம்பியர்கள் சேர்ந்தால் ஆர் ஃபேஸுக்கு நேர் எதிர்த் திசையில் 8 ஆம்பியராகும். ஆர் ஃபேஸில் சாதாரண லோடு இருந்தால் அது இந்த எட்டைக் கழிக்கும். ஆனால் சோலார் ஏற்றுமதி என்பது எதிர்த் திசை. அதனால் கழிவதற்குப் பதில் கூடுகிறது: 10 + 8 = 18. எந்த ஃபேஸ் வயரிலும் 10க்கு மேல் இல்லாத வீட்டில், நியூட்ரலில் மட்டும் 18 ஆம்பியர்.

எந்த வீட்டுக்கும் இதைப் போட்டுப் பார்க்க ஒரு சூத்திரம் போதும். உள்ளே வருவதற்குக் கூட்டல் குறி, வெளியே போவதற்குக் கழித்தல் குறி:

```
IN = √(IR² + IY² + IB² − IR·IY − IY·IB − IB·IR)

IR = −10, IY = 8, IB = 8
IN = √(100 + 64 + 64 + 80 − 64 + 80) = √324 = 18 A
```

பவர் ஃபேக்டர் ஒன்றுக்கு அருகில் இருக்கும்போது இது சரியாக வரும். பழைய மாடல் ஏசி, மோட்டார் இருக்கும் வீட்டில் ஓரிரு ஆம்பியர் முன்பின் ஆகலாம். கடைசியில் கிளாம்ப் மீட்டரை நியூட்ரல் வயரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இந்த வீட்டில் அது 18ஐத் தொட்டது.

இப்போது வீட்டுக்காரர் சொன்னதற்கு வருவோம். நியூட்ரல் வயருக்கும் ஒரு தடை உண்டு. அதில் 18 ஆம்பியர் ஓடினால் வீட்டு நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலை விட்டு விலகுகிறது. விலகும் திசை ஆர் ஃபேஸுக்கு எதிர்ப்புறம். ஆகவே ஆர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான வோல்டேஜ் நீள்கிறது; மற்ற இரண்டும் சுருங்குகின்றன. ஒய், பி ஃபேஸ்களில் ஏசி போடப்போட இந்த விலகல் கூடும். இன்வெர்ட்டர் பார்ப்பது ஆர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளதை மட்டுமே. மாடியில் ஏசி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. வோல்டேஜ் ஏறியது என்றுதான் தெரியும். லோடு போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்பது அதே ஃபேஸில் போடும் லோடுக்கு மட்டுமே பொருந்தும்.

அளந்தபோது வந்தவை

நடுப்பகலில், மேகம் இல்லாத நேரத்தில், நான்கு நிலைகளில் அளந்தது கீழே உள்ளது. வோல்டேஜ் மூன்றும் வீட்டு மெயின் சுவிட்சின் உள்வரும் முனையில், நியூட்ரலை வைத்து எடுக்கப்பட்டவை. கடைசிப் பத்தி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இருந்த வோல்டேஜ்.

| நிலை | ஆர் | ஒய் | பி | நியூட்ரல் ஆம்பியர் | நியூட்ரல்–எர்த் |
|---|---|---|---|---|---|
| மெயின் அணைத்து | 242 | 240 | 240 | 0 | 0 |
| சோலார் இல்லை, ஏசி உண்டு | 244 | 238 | 238 | 7 | 2.5 |
| சோலார் உண்டு, ஏசி இல்லை | 247 | 238 | 238 | 11 | 3.9 |
| சோலார், ஏசி இரண்டும் | 249 | 236 | 236 | 18 | 6.3 |

முதல் வரிதான் முக்கியம். மெயினை அணைத்தால் மூன்று ஃபேஸும் கிட்டத்தட்டச் சமம். அதாவது தெருவிலிருந்து வரும் சப்ளையில் குறை இல்லை. மெயினைப் போட்டதும் 249, 236, 236 என்று பிரிகிறது என்றால் பிரிப்பது வீட்டின் கரண்ட். மெயினை அணைக்காமல் கடைசி வரியை மட்டும் அளந்திருந்தால், "இ.பி. சப்ளையே அன்பேலன்ஸ், டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கச் சொல்லுங்க" என்று முடிந்திருக்கும். மெயினை அணைத்த பின்னும் ஒரு ஃபேஸ் 250க்கு மேல் நின்றால்தான் அது வாரியத்திடம் எடுத்துப் போக வேண்டிய புகார்.

இன்னொரு இடத்திலும் அளக்க வேண்டும்: இன்வெர்ட்டரின் வெளியீட்டு முனையில். மெயின் போர்டில் 249 இருந்த அதே நொடியில் மொட்டை மாடி இன்வெர்ட்டரில் 254 இருந்தது. இடையே 25 மீட்டர் வயர், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம். போக வர 50 மீட்டர், வெயிலில் சூடான நிலையில் தடை சுமார் 0.45 ஓம், 11 ஆம்பியரில் 5 வோல்ட். இன்வெர்ட்டர் கரண்டைத் தெருவுக்குத் தள்ள வேண்டுமென்றால் தன் முனையில் வோல்டேஜை இந்த அளவு உயர்த்தித்தான் ஆக வேண்டும். 11 ஆம்பியரை அந்த வயர் சூடாகாமல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சோலார் வயருக்கு சைஸ் தேர்ந்தெடுக்கும்போது ஆம்பியர் தாங்குமா என்று மட்டும் பார்ப்பது போதாது. எத்தனை வோல்ட் ஏற்றும் என்றும் பார்க்க வேண்டும்.

254 ஆனதும் இன்வெர்ட்டர் நிற்கிறது. நின்ற உடனே நியூட்ரலில் 18 ஆம்பியர் 7 ஆகக் குறைகிறது, ஆர் ஃபேஸ் 244க்கு இறங்குகிறது, இன்வெர்ட்டருக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. காத்திருப்பு நேரம் முடிந்ததும் மறுபடி இணைகிறது, ஏற்றுகிறது, நிற்கிறது. ஏசியை அணைத்திருந்தால் போர்டில் 247, இன்வெர்ட்டரில் 252. வரம்புக்கு ஒரு வோல்ட் கீழே நின்று ஓடிவிடுகிறது.

குறை எங்கே என்று தடை சொல்லும்

கம்பத்திலிருந்து மீட்டர் போர்டு வரை சர்வீஸ் வயர் 30 மீட்டர், 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியம். ஒரு கோருக்கு சுமார் 0.1 ஓம் வர வேண்டும். 18 ஆம்பியருக்கு நியூட்ரல் 1.8 வோல்ட்தான் விலக வேண்டும். ஆனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இருந்தது 6.3. அதை 18ஆல் வகுத்தால் 0.35 ஓம். கூடுதலாக 0.25 ஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது. மூன்று நிலைகளிலும் வகுத்தால் அதே 0.35தான் வருகிறது. ஆகவே ஏதோ தெருவில் வேறு வீட்டால் வந்த வோல்டேஜ் இல்லை. இந்த வீட்டு நியூட்ரல் பாதையிலேயே ஒரு கெட்ட ஜாயின்ட் இருக்கிறது.

0.25 ஓம் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். 18 ஆம்பியரில் அந்த ஒரு ஜாயின்டில் எரிவது 81 வாட். ஒரு சால்டரிங் அயர்னை மீட்டர் போர்டுக்குள் செருகி நாள்தோறும் மூன்று மணி நேரம் எரியவிட்ட மாதிரி. சோலார் வருவதற்கு முன் இதே ஜாயின்டில் பகலில் 7 ஆம்பியர்தான் ஓடியது, 12 வாட் சூடு. அது யார் கண்ணுக்கும் படவில்லை. கரண்ட் இரண்டரை மடங்கு ஆனதும் சூடு ஆறு மடங்குக்கு மேல் போய்விட்டது. சோலார் இந்தக் குறையை உண்டாக்கவில்லை, இருந்ததைக் கிளப்பிவிட்டது.

மீட்டர் போர்டு சீல் வைத்த பகுதி. அதை வீட்டுக்காரரோ எலெக்ட்ரீஷியனோ உடைக்கக் கூடாது. "நியூட்ரல் லூஸ், சோலார் ட்ரிப் ஆகுது" என்று மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, பிரிவு அலுவலகத்துக்கும் நேரில் சொன்ன பின் ஆள் வந்தார்கள். திறந்ததும் தெரிந்தது: மீட்டருக்குக் கீழே நியூட்ரல் லிங்கில் அலுமினியக் கோரை நேரடியாகப் பித்தளை முனைக்குள் விட்டு ஸ்க்ரூ முறுக்கியிருந்தார்கள். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொண்டே போகும் உலோகம். இரண்டு கோடை கடந்தால் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். சென்னையின் ஈரக்காற்றுக்கு இரு உலோகம் சந்திக்கும் இடம் அரிப்புக்கும் தோதானது. முனையில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி படிந்திருந்தது. வயரின் கறுப்பு இன்சுலேஷன் ஒரு அங்குலத்துக்குக் கெட்டியாகி, வளைத்தபோது நொறுங்கி உதிர்ந்தது. பக்கத்திலிருந்த மூன்று ஃபேஸ் முனைகளில் அந்த அறிகுறி எதுவுமே இல்லை.

கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, அலுமினியத்தைப் புதிதாகச் சுரண்டி, ஜாயின்ட் பேஸ்ட் தடவி, பைமெட்டல் லக் வைத்து கிரிம்ப் செய்து லிங்கில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். வேலை அரை மணி நேரம்தான். அதன் பின் அதே சோலார், அதே இரண்டு ஏசி ஓட அளந்தபோது நியூட்ரல்–எர்த் 1.8க்கு வந்தது. போர்டில் ஆர் ஃபேஸ் 245, இன்வெர்ட்டரில் 250.

வரம்பை 265க்கு ஏற்றியிருந்தால்? இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடியிருக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள், ஜாயின்ட் மட்டும் 81 வாட்டில் வெந்துகொண்டே இருந்திருக்கும். ஒருநாள் முழுசாக விட்டுப்போயிருக்கும். நியூட்ரல் அறுந்தால் சோலார் இன்வெர்ட்டர் வோல்டேஜ் எல்லை மீறுவதைப் பார்த்து இரண்டு நொடிக்குள் விலகிவிடும். மாட்டிக்கொள்வது வீட்டுப் பொருள்கள். ஒய், பி ஃபேஸில் ஏசி ஓடி, ஆர் ஃபேஸில் ஒரு ஆம்பியர் லோடு மட்டும் இருக்கும் நிலையில் ஆர் ஃபேஸ் விளக்கும் மோடமும் 340 வோல்ட் அளவுக்குப் பார்க்கும். ட்ரிப் என்பது இங்கே தொந்தரவு இல்லை, தகவல்.

வயரும் லோடும்

ஜாயின்ட் சரியானதோடு விட்டிருந்தால் இன்வெர்ட்டரில் 250. வரம்புக்கு மூன்று வோல்ட்தான் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை தெருவில் லோடு குறைந்து சப்ளை 245க்கு ஏறினால் மறுபடி பழைய கதை. அதனால் இன்னும் இரண்டு வேலை செய்யப்பட்டது.

ஒன்று, மாடி வயரை 6 சதுர மில்லிமீட்டர் தாமிரத்துக்கு மாற்றியது. 5 வோல்ட் ஏற்றம் 2 வோல்டானது. முதலிலேயே இதைப் போட்டிருந்தால் 25 மீட்டர் வயரின் விலை வித்தியாசம் மட்டுமே செலவு. பின்னால் மாற்றும்போது பைப் வேலையும் கூலியும் சேர்ந்துகொள்கிறது. இன்வெர்ட்டரை மாடியில் வைக்காமல் மெயின் போர்டு பக்கத்தில் வைத்து, பேனலிலிருந்து டிசி வயரை நீட்டியிருந்தாலும் இந்த 5 வோல்ட் வந்திருக்காது. டிசி பக்கம் நீளம் கூடினால் கொஞ்சம் மின்சாரம் வீணாகுமே தவிர, ட்ரிப் வராது.

இரண்டாவது, லோடு மாற்றம். பகலில் ஓடும் ஹால் ஏசியை ஆர் ஃபேஸுக்கும், இரவில் ஓடும் படுக்கையறை ஏசியை ஒய் ஃபேஸுக்கும் மாற்றினார்கள். டிபி பாக்ஸில் இரண்டு எம்சிபியின் உள்வரும் வயரை இடம் மாற்றும் வேலைதான், ஆனால் அந்தந்த சர்க்யூட்டின் நியூட்ரலும் கூடவே போக வேண்டும். ஃபேஸ் ஒரு ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு சுவிட்ச், வழியாகவும் நியூட்ரல் இன்னொரு ஆர்சிசிபி வழியாகவும் போனால் இரண்டும் போட்டதும் விழுந்துவிடும்.

இரண்டு பகல் ஏசியையும் ஆர் ஃபேஸுக்கே கொண்டுவரலாமே என்ற கேள்வி வந்தது. நடுப்பகலுக்கு நல்லதுதான். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பின் சோலார் கிடையாது, இரண்டு ஏசி ஒரே ஃபேஸில், காலையில் கீசரும் அதிலேயே. இருட்டிய பின் உள்ள சமநிலையையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒன்றை மாற்றி ஒன்றை விட்டதில் இரவில் மூன்று ஃபேஸிலும் லோடு ஏறக்குறையச் சமமாக அமைந்தது.

மாற்றத்துக்குப் பின் உச்ச வெயிலில் ஆர் ஃபேஸ் ஏற்றுமதி 3 ஆம்பியர், ஒய் 1, பி 8. சூத்திரத்தில் போட்டால் நியூட்ரல் 9.6. பதினெட்டில் பாதிக்குச் சற்று மேல். போர்டில் 243, இன்வெர்ட்டரில் 245. ஹால் ஏசியை அணைத்துவிட்டு மாடி ஏசி மட்டும் ஓடும் மோசமான நிலையில் நியூட்ரல் 15.7 வரை போகிறது, ஆனால் ஜாயின்டும் வயரும் சரியாக இருப்பதால் இன்வெர்ட்டர் 247ஐத் தாண்டவில்லை.

அப்போதே கவனித்துச் சரிசெய்த இன்னொன்று: சோலார் வயர் ஆர் ஃபேஸ் செலக்டர் சுவிட்சுக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. சென்னை வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் திருப்பிப் போட்டுக்கொள்ள வைக்கும் அதே திருகு சுவிட்ச்தான். அதைத் திருப்பினால் லோடோடு சேர்ந்து சோலாரும் வேறு ஃபேஸுக்குப் போய்விடும், ஃபேஸ் பிரித்து வைத்த கணக்கெல்லாம் வீண். சோலாருக்குத் தனி எம்சிபி கொடுத்து, செலக்டருக்கு முன்னால், நேராக மெயின் பஸ்பாரில் இணைக்க வேண்டும்.

எந்த ஃபேஸ், எந்த இன்வெர்ட்டர்

புதிதாக மாட்டும் வீட்டில் இந்த வரிசையில் யோசிக்கலாம். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் மெயினை அணைத்து மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் வெவ்வேறு நாளில் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து குறைவாக இருக்கும் ஃபேஸில் சோலாரைக் கொடுங்கள், பிறகு பகல் லோடுகளை அந்த ஃபேஸுக்கு அழைத்து வாருங்கள். எல்லோரும் பழக்கத்தில் ஆர் ஃபேஸிலேயே கொடுப்பதால், சோலார் நிறைந்த தெருவில் நடுப்பகலில் ஆர் ஃபேஸ் மட்டும் உயர்ந்து நிற்க வாய்ப்பு அதிகம். மாட்டும் முன்பே இரண்டு ஏசி போட்டு நியூட்ரல்–எர்த் வோல்டேஜை அளந்து, நியூட்ரல் ஆம்பியரால் வகுத்துப் பார்ப்பதும் நல்லது. 30 மீட்டர் சர்வீஸுக்கு 0.1 ஓம் அளவில் வரவில்லை என்றால் சோலாருக்கு முன் ஜாயின்டைக் கவனிக்க வேண்டும்.

மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர் போட்டிருந்தால் இதெல்லாம் இல்லையே என்பதும் உண்மைதான். அதே 2.7 கிலோவாட் ஃபேஸுக்கு 3.6 ஆம்பியராகப் பிரிந்து போகும், சோலாரால் நியூட்ரலில் ஒன்றும் சேராது. ஆனால் 3 கிலோவாட் வீட்டுக்கு அது எப்போதும் பொருந்துவதில்லை. ஆறு பேனல் தொடராகக் கொடுத்தால் ஓடும் வோல்டேஜ் 250 அளவு, கோடைச் சூட்டில் 220 பக்கம் இறங்கும். மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் இதைவிட உயர்ந்த டிசி வோல்டேஜில்தான் நன்றாக ஓடும், விலையும் கூட. போதாததற்கு, ஒரு ஃபேஸ் போனால் அது முழுசாக நின்றுவிடும். ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டருக்குத் தன் ஃபேஸ் இருந்தால் போதும். 5 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால், பேனல் எண்ணிக்கையும் கூடுவதால், யோசிக்காமல் மூன்று ஃபேஸ் வாங்கலாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் 3 கிலோவாட்டோடு உச்சத்தைத் தொட்டுவிடுவதால் பலர் 3 கிலோவாட்டில் நிற்கிறார்கள். அங்கே ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் நியாயமான தேர்வுதான், ஃபேஸைப் பார்த்துப் போட்டால்.

பில்லில் நஷ்டமா

சோலார் ஆர் ஃபேஸில், ஏசி வேறு ஃபேஸில். ஆகவே சோலாரைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு ஏசிக்குக் காசு கொடுக்கிறோமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. இருவழி மீட்டர் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்துக் கணக்கிட்டால், இந்த வீட்டில் ஒய், பி மூலம் வரும் 3.8 கிலோவாட்டில் ஆர் வழியே போகும் 2.5ஐக் கழித்து 1.3 கிலோவாட் மட்டுமே வாங்கியதாகப் பதியும். ஃபேஸ் ஃபேஸாகத் தனித்தனியே பதியும் மீட்டர் என்றால் 3.8 வாங்கியது, 2.5 கொடுத்தது என்று இரண்டும் ஏறும். நெட் மீட்டரிங்கில் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதால் முடிவில் அதே 1.3தான். கொடுக்கும் யூனிட்டுக்கு வேறு விலை வைக்கும் முறையில் இருந்தால் மட்டும் நஷ்டம் வரும்.

எந்த வகை மீட்டர் என்று பார்க்க, இரண்டு ஏசியும் ஓடும் நடுப்பகலில் மீட்டர் திரையில் மாறி மாறி வரும் இம்போர்ட், எக்ஸ்போர்ட் `kWh` எண்களைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். வெயில் மறையாத அந்த நேரத்தில் இம்போர்ட் மட்டும் ஏறியிருந்தால் கூட்டிக் கழிக்கும் மீட்டர். இரண்டுமே ஏறியிருந்தால் தனித்தனியாகப் பதிகிறது.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இருவழி மீட்டர் வருவதற்கு முன்னே "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்று சோலாரைப் போட்டுவிட்டால், பழைய மின்னணு மீட்டர்கள் பல திரும்பிப் போகும் கரண்டையும் வாங்கியதாகவே எண்ணும். திருட்டைத் தடுக்க அப்படி அமைத்திருப்பார்கள். இந்த வீட்டு நிலையில் 1.3 கிலோவாட் பதிய வேண்டிய இடத்தில் 2.5ம் 1.9ம் 1.9ம் கூடி 6.3 கிலோவாட் பதியும். மூன்று ஃபேஸ் வீட்டில் இது இன்னும் சுலபமாக நடக்கும்: ஒற்றை ஃபேஸ் வீட்டில் இரண்டு ஏசி ஓடினால் சோலார் முழுவதையும் அவை தின்றுவிடும், வெளியே போக ஒன்றும் மிஞ்சாது. இங்கே இரண்டு ஏசி ஓடினாலும் ஆர் ஃபேஸ் தெருவுக்குத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். மீட்டர் மாற்றும் வரை சோலார் எம்சிபியை அணைத்தே வைத்திருங்கள்.